பழைய டிக்கெட்டை மூடும் முன் பாக்கி யார் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: "எங்கள் டீமில் நாலாயிரத்துக்கும் மேல் பழைய டிக்கெட்டுகள் திறந்தே கிடக்கின்றன. ரெண்டு வருஷமாக அசையாததை எல்லாம் ஒரே நாளில் மூடிவிடலாம் என்கிறார் மேனேஜர். போட்டவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று பயமாக இருக்கிறது. யார் மனமும் நோகாமல் இதை எப்படிக் குறைப்பது?"

இந்த வேலையை நான் இரண்டு நிறுவனங்களில் செய்திருக்கிறேன். முதல் தடவை உங்கள் மேனேஜர் சொல்வது மாதிரியே செய்து, நிறையப் பேரின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டோம். இரண்டாவது தடவை ஏழெட்டு மாதம் எடுத்துக்கொண்டு செய்தோம், பெரிய சண்டை எதுவும் வரவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. டிக்கெட் மூடப்படுகிறது என்பதற்காக மட்டும் யாரும் கோபப்படுவதில்லை. "இதை நாங்கள் செய்யப்போவதில்லை, காரணம் இது" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, "இன்னும் இந்தப் பிரச்சினை இருக்கிறதா?" என்று வேலையை அவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டும்போதுதான் கோபம் வருகிறது.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். அறுபது நாள் அசையாத டிக்கெட்டில் தானாக இயங்கும் ஒரு போட் வந்து கேள்வி கேட்கும், பதில் வராவிட்டால் ஒரு வாரத்தில் மூடிவிடும் என்று அமைத்திருந்தோம். சப்போர்ட் குழுவில் இருந்த ஒரு பெண் போட்ட டிக்கெட் ஒன்று அதில் இருந்தது. மாதத்தின் கடைசி நாள் இரவு பதியும் பில்கள், ஏற்றுமதி செய்த ரிப்போர்ட்டில் அடுத்த மாதக் கணக்கில் போய் விழுகின்றன என்பது புகார். செய்முறை, மூன்று ஸ்கிரீன்ஷாட், மாதிரி ஃபைல் எல்லாம் இணைத்திருந்தார். அதைவிட நன்றாக ஒரு பக் ரிப்போர்ட் எழுத முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு டெவலப்பர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. போட் கேட்டது, "ஆமாம், இருக்கிறது" என்றார். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டது, மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை அவர் விடுப்பில் இருந்தார், டிக்கெட் மூடிக்கொண்டது. சில மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் அதே பிரச்சினையோடு வந்தபோது, "இதை ஏன் யாரும் பதியவில்லை?" என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் மூணு தடவை எழுதிட்டேன் சார். நீங்க ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?" அதற்குப் பிறகு அவர் டிக்கெட் போடுவதையே குறைத்துக்கொண்டார். அந்தக் குழுவில் மற்றவர்களும் அப்படித்தான். புதிய டிக்கெட்டுகளின் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து, தரம் கூடிவிட்டது என்று நாங்கள் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதனால் வயதை வைத்துப் பிரிக்காதீர்கள். பாக்கி யார் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் கடைசியாக ஒருவர் பேசியிருப்பார், அடுத்துப் பேச வேண்டியவர் இன்னொருவராக இருப்பார். நாம் ஒரு விவரம் கேட்டு, போட்டவர் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் பாக்கி அவர் பக்கம். அவர் எல்லாம் சொல்லிவிட்டார், நாம்தான் வாயே திறக்கவில்லை என்றால் பாக்கி நம் பக்கம். நம் பக்கம் பாக்கி இருக்கும் டிக்கெட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. உபுண்டுவின் பக்குகளைப் பதியும் லாஞ்ச்பேட் தளம் இதைச் சரியாகவே செய்கிறது. அங்கே 60 நாள் அசையாவிட்டால் காலாவதியாகும் விதி, `Incomplete` என்று குறிக்கப்பட்ட பக்குகளுக்குத்தான். அதாவது, போட்டவரிடம் ஏதோ கேட்கப்பட்டு அது வராமல் நிற்பவை. யாரும் தொடாத புதிய பக் அந்த விதிக்குள் வராது.

கிட்ஹப்பில் `actions/stale` வைத்திருப்பவர்கள் இதே ஒழுங்கைக் கொண்டுவரலாம். ஒன்றும் மாற்றாமல் விட்டால் அது 60 நாளில் டிக்கெட்டைப் பழையது என்று குறித்து, இன்னும் 7 நாளில் மூடிவிடும், பாக்கி யாருடையது என்று பார்க்காது. கீழே உள்ளபடி ஒரே ஒரு லேபிளுக்குள் அதை அடக்கிவிடுங்கள்.

```yaml
- uses: actions/stale@v9
  with:
    only-labels: needs-info
    days-before-stale: 30
    days-before-close: 14
    days-before-pr-stale: -1
    days-before-pr-close: -1
    labels-to-remove-when-unstale: needs-info
    debug-only: true
```

`debug-only` இருக்கும் வரை அது எதையும் தொடாது, என்ன செய்திருக்கும் என்று பதிவில் மட்டும் காட்டும். சில நாள் அப்படி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடுங்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. போட்டவர் பத்தாம் நாளே பதில் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். டிக்கெட் அதுவரை பழையதாகக் குறிக்கப்படவில்லை என்பதால் `needs-info` தானாகப் போகாது. யாரும் கவனிக்காவிட்டால் அங்கிருந்து முப்பது நாள் கழித்து, பதில் சொன்ன மனிதரிடமே போட் மறுபடி போய் நிற்கும். பதில் வந்தவுடன் லேபிளை எடுக்க ஒரு ஆளோ, அதற்கென்று ஒரு சின்ன ஆட்டோமேஷனோ வேண்டும். முப்பது, பதினான்கு என்ற எண்கள் என் கணிப்பு மட்டும்தான். நீண்ட விடுப்பில் போனவர் திரும்பி வந்து பார்க்க அவகாசம் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தேன், உங்கள் ஆட்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது தடவை செய்ததை எண்களோடு சொல்கிறேன். திறந்திருந்தவை 4,180. அதில் இரண்டு வருடத்துக்கு மேல் மனிதர் யாரும் பேசாதவை 2,940. "மனிதர்" என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜிராவில் கீழே உள்ள மாதிரி தேடினால் பட்டியல் வந்துவிடும்.

```
resolution = Unresolved AND updated < -730d ORDER BY votes DESC
```

ஆனால் `updated` என்பது யார் எதைத் தொட்டாலும் மாறும் தேதி. யாரோ ஒரு நாள் மொத்தமாக ஒரு லேபிள் ஒட்டியிருந்தாலோ, வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றியிருந்தாலோ, ஆயிரம் பழைய டிக்கெட்டுகள் நேற்றுப் பிறந்தவை மாதிரி தெரியும். எங்களிடம் அப்படி ஒரு மொத்த மாற்றம் நடந்திருந்தது. இந்தத் தேடல் பாதியைத்தான் காட்டியது. எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் இறக்கி, கடைசி மனிதக் கமெண்ட்டின் தேதியைத் தனியாக எடுத்த பிறகுதான் உண்மையான கணக்கு வந்தது. நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

அந்த 2,940ஐ நான்காகப் பிரித்தோம். நாங்கள் அதற்குள் நிறுத்திவிட்ட பழைய ரிப்போர்ட் மாட்யூலைப் பற்றியவை 610. போட்டவர் பக்கம் பாக்கி இருப்பவை 380. "இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாக இருக்கும்" என்பவை 1,150. மீதி 800 பக்குகள். பாதுகாப்பு, டேட்டா அழிவு, பணக்கணக்கு இவற்றில் எது சம்பந்தப்பட்டிருந்தாலும் அதை முதலிலேயே பக்குகளின் குவியலுக்குள் தள்ளிவிட்டோம், மொத்தமாக மூடும் பேச்சு அங்கே கிடையாது என்று முடிவு செய்திருந்தோம். அந்த 380க்கு, ஏற்கெனவே சொன்ன வழி போதும், அதில் பேச ஒன்றுமில்லை. மற்ற மூன்றும் மூன்று விதம்.

610 பார்க்க எளிதாக இருந்தது. மாட்யூலே இல்லை, அதைப் பற்றிய புகார் எதற்கு? ஆனால் அப்படியே மூடாமல், கண்ணை மூடிக்கொண்டு 60 டிக்கெட்டை எடுத்து இரண்டு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று மூன்று மணி நேரம் ஆனது. அந்த 60இல் 4 உயிரோடு இருந்தன. மாட்யூல் போய்விட்டாலும், அதிலிருந்த ஏற்றுமதி, அனுமதி சார்ந்த கோட் புதிய மாட்யூலுக்கு அப்படியே குடிபெயர்ந்திருந்தது. பக்குகளும் கூடவே வந்திருந்தன. 60இல் 4 என்றால், 610இல் கிட்டத்தட்ட 40 உண்மையான பிரச்சினைகள். அவற்றைப் புதைத்திருந்தால் நாற்பது பேரிடம் திட்டு வாங்கியிருப்போம், அதுவும் நியாயமான திட்டு.

அதனால் ஏற்றுமதி, அனுமதி என்ற சொற்கள் வரும் 90ஐத் தனியாக எடுத்துக் கையால் பார்த்தோம். மீதி 520இலிருந்து புதிதாக இன்னொரு 60 எடுத்துப் படித்தோம். இந்தத் தடவை ஒன்றுகூட உயிரோடு இல்லை. "ஒன்றுமே இல்லை, அப்படியானால் எல்லாமே செத்தவை" என்று முடிவுகட்டத் தோன்றும், அது தவறு. புள்ளியியலில் இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தற்செயலாக எடுத்த மாதிரியில் ஒன்றும் கிடைக்காவிட்டால், 3ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 3ஐ 60ஆல் வகுத்தால் 5 சதவீதம். 520இல் அது 26. அதாவது மோசமான பட்சத்தில் இருபத்தாறு நல்ல டிக்கெட்டுகளைத் தவறாக மூடுவோம் என்று தெரிந்தேதான் மூடினோம். அந்த 26 பேரும் சுலபமாகத் திரும்பி வர வழி இருந்தால் இது தாங்கக்கூடிய தவறு, இல்லாவிட்டால் இல்லை. மாதிரியைக் கண்டிப்பாகத் தற்செயலாக எடுக்க வேண்டும். பட்டியலின் முதல் அறுபதை எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. விரிதாளில் `RAND()` போட்டு வரிசைப்படுத்தி மேலிருந்து எடுத்தால் போதும்.

திரும்பி வர வழி என்றேன். இதில் நிறையக் குழுக்கள் தெரியாமலே பொய் சொல்லிவிடுகின்றன. "தேவைப்பட்டால் தயங்காமல் மறுபடி திறக்கலாம்" என்று எழுதி மூடுவார்கள். கிட்ஹப்பில் ஒரு இஷ்யூவைப் பராமரிப்பவர் மூடிவிட்டால், அதைப் போட்ட வெளியாளுக்குத் திறக்கும் பட்டனே வராது. தானே மூடியதைத்தான் அவர் தானே திறக்க முடியும். ஜிராவிலும் மூடிய டிக்கெட்டைத் திறக்கும் பாதை வொர்க்ஃப்ளோவில் இருக்கிறதா, யாருக்கு அந்த அனுமதி என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. ஒரு சாதாரண பயனர் கணக்கில் நுழைந்து, மூடிய டிக்கெட் ஒன்றை நீங்களே திறந்து பாருங்கள். முடியவில்லை என்றால், "ஒரு வரி கமெண்ட் போடுங்கள், நாங்கள் திறக்கிறோம்" என்று எழுதுங்கள். அப்புறம், மூடிய டிக்கெட்டில் வரும் கமெண்ட்டை யார் பார்ப்பார் என்று ஒரு ஆளின் பெயரைப் போடுங்கள். கமெண்ட் போடவே முடியாதபடி பூட்டி வைக்காதீர்கள். மூடிய ஒவ்வொன்றிலும் `sweep-1` மாதிரி ஒரு லேபிள் ஒட்டிவிட்டால், எது தவறாகப் போனாலும் அந்தக் கூட்டத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திருப்ப முடியும்.

மூடும்போது எந்த நிலையில் மூடுகிறோம் என்பதும் முக்கியம். செய்யாத வேலையை `Done` என்று குறித்துவிட்டால் போட்டவருக்கு "முடிந்தது" என்று மின்னஞ்சல் போகும். அவர் ஆசையோடு திறந்து பார்த்துவிட்டு ஏமாறுவார். ஜிராவில் `Won't Do`, கிட்ஹப்பில் `not planned` என்று இதற்கெனவே இருக்கின்றன. கட்டளை வழியாக மூடுபவர்கள் இப்படிச் செய்யலாம்.

```
gh issue close 1234 --reason "not planned" --comment "..."
```

அந்த மூன்று புள்ளிகளின் இடத்தில் என்ன எழுதுகிறோம் என்பதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது: "இந்த டிக்கெட் நீண்ட காலமாகச் செயல்பாட்டில் இல்லாததால் மூடப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." யார் செயல்படவில்லை? நாங்கள்தான். அந்த வாக்கியம் குற்றத்தைப் பொதுவில் தூவிவிடுகிறது, படிப்பவர் அதைத் தன் மேல் விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார். கடைசியில் அனுப்பியது இது: "வணக்கம். பழைய ரிப்போர்ட் மாட்யூலை நிறுத்திவிட்டோம், அதனால் அதைப் பற்றிய டிக்கெட்டுகளை மூடுகிறோம். நீங்கள் எழுதியபோதே பார்த்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு. இதே பிரச்சினை புதிய மாட்யூலிலும் வந்தால் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், மறுபடி விவரம் எதுவும் தர வேண்டாம், நான் திறந்து பார்க்கிறேன்." கீழே ஒரு மனிதரின் பெயர். காரணம் உண்மையாக இருக்கிறது, பாக்கி யாருடையது என்று சொல்லியிருக்கிறது, போட்டவர் பழைய விவரங்களைத் திரும்ப எழுத வேண்டாம் என்கிறது. மூன்றாவதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் நன்றி சொன்னார்கள். "புதிய டிக்கெட் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழையதில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும் செய்முறையையும் அவர் மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கும், முன்னே சொன்ன பெண்ணுக்கு நடந்ததுதான் அது.

உண்மையான காரணம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஃபெடோரா லினக்ஸைப் பார்க்கலாம். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். ஒரு பதிப்பின் காலம் முடியப்போகும்போது, அந்தப் பதிப்பின் பெயரில் திறந்திருக்கும் பக்குகளில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். பிரச்சினை புதிய பதிப்பிலும் இருக்கிறது என்றால் போட்டவர் பதிப்பு எண்ணை மாற்றினால் போதும், பக் தப்பிக்கும். இல்லாவிட்டால் `EOL` என்று மூடப்படும். அங்கும் மனக்குறை வராமல் இல்லை, ஏனென்றால் யாரும் பார்க்காமலே ஒவ்வொரு பதிப்பாகத் தள்ளிக்கொண்டு போகும் பக்குகள் உண்டு. ஆனால் காரணம் வெளிப்படையானது, தேதி முன்பே தெரியும். நான் வேண்டாதவன் என்பதால் மூடினார்கள் என்று யாரும் நினைக்க இடமில்லை.

மின்னஞ்சல் வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 520 டிக்கெட்டை ஒரே மாலையில் மூடினால், நிறையப் போட்ட ஒருவருக்கு நாற்பது ஐம்பது அறிவிப்புகள் ஒரே நேரத்தில் வந்து விழும். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு மறுப்பு. ஜிராவில் மொத்த மாற்றம் செய்யும்போது மின்னஞ்சல் அனுப்பவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டோம். பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரே கடிதம், அதில் அவருடைய டிக்கெட்டுகளின் பட்டியல். அறிவிப்பே இல்லாமல் சத்தமின்றி மூடலாம் என்ற யோசனையும் எங்கள் குழுவில் வந்தது. அதை நான் கடுமையாக எதிர்த்தேன். தெரியாமல் மூடியதை அவர் என்றைக்காவது தானாகக் கண்டுபிடிக்கும்போது வரும் கோபம் ரொம்பப் பெரியது. கிட்ஹப்பில் இப்படி நிறுத்திவைக்க வழி கிடையாது, மூடினால் பின்தொடர்பவர்களுக்கு அறிவிப்பு போகும். அங்கே சின்னச் சின்னக் கூட்டமாக மூடுவதுதான் வழி. எவ்வளவு சின்னது என்றால், வரும் பதில்களுக்கு அன்றைக்கே உங்களால் பதில் எழுத முடியும் அளவு. எங்களுக்கு அது நாளைக்கு ஐம்பது.

இப்போது 1,150 விருப்பங்கள். இதுதான் உண்மையில் மனம் நோகும் இடம். பக் என்பது நம் தவறு, ஆனால் விருப்பத்தில் அந்த மனிதரின் யோசனை இருக்கிறது. யார் யார் போட்டது என்று எண்ணிப் பார்த்தோம். 1,150ஐயும் போட்டவர்கள் சுமார் 210 பேர், ஆனால் ஒன்பது பேர் மட்டும் 430 போட்டிருந்தார்கள். இந்த மாதிரிச் சாய்வு நான் பார்த்த எல்லா இடத்திலும் இருந்தது, உங்களிடமும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த ஒன்பது பேர்தான் உங்கள் மென்பொருளை மிக ஆழமாகப் பயன்படுத்துகிறவர்கள், மற்றவர்கள் மத்தியில் பேசுகிறவர்களும் அவர்களே. எதையும் மூடும் முன் ஒவ்வொருவரோடும் நேரில் உட்கார்ந்தேன்.

ஒருவரிடம் 74 டிக்கெட் இருந்தது, கணக்குப் பிரிவில் மூத்தவர். பட்டியலைத் திரையில் போட்டு, "மேடம், இதுல இன்னைக்கும் உங்களுக்கு வேணும்னு இருக்கறது எது எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். முதல் பத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார், "இது அந்தப் பழைய ஸ்கிரீனுக்குக் கேட்டது, இப்ப எதுக்கு?" நாற்பது நிமிடத்தில் 51ஐ அவரே மூடச் சொல்லிவிட்டார். ஆறில், நாங்கள் வேண்டாம் என்று நினைத்திருந்தது தவறு என்று காட்டினார். ஒன்றில் அவர் கேட்டது ஒரே ஒரு கூடுதல் நெடுவரிசை. அது இல்லாததால் மாதா மாதம் இரண்டு ஃபைலைக் கையால் ஒட்டிக்கொண்டிருந்தார். மீதி 17ஐ என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை, திறந்தே விட்டோம். இப்படி ஒன்பது சந்திப்புகளில் 430இல் முக்கால்வாசி போய்விட்டது. போட்டவரே கையெழுத்திட்ட முடிவு என்பதால் அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

மற்ற இருநூறு பேரிடம் தனித்தனியாக உட்கார முடியாது. அவர்களுடைய 720ஐயும் கருப்பொருளாகப் பிரித்தால் நாற்பதுக்குள் அடங்கின. ஒவ்வொரு கருப்பொருளுக்கும் ஒரே ஒரு டிக்கெட்டைத் திறந்து வைத்து மற்றவற்றை அதோடு இணைத்து மூடினோம். திறந்து வைக்க நன்றாக எழுதப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள், பழையது என்பதற்காக எடுக்க வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: ஜிராவில் நகல் என்று இணைத்தால் மட்டும் அந்தப் பழைய டிக்கெட்டைப் பின்தொடர்ந்தவர்கள் புதியதற்கு வந்துவிட மாட்டார்கள். அவர்களைக் கவனிப்பவர் பட்டியலில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த வசதி ஒரு நாள் வரும்போது, கேட்டவருக்கே செய்தி போகாது. நாற்பதிலும் பதினைந்து கருப்பொருளுக்கு, செய்யவே மாட்டோம் என்ற பதிலைக் காரணத்தோடு எழுதி மூடினோம். "பின்னால் பார்க்கலாம்" என்று எழுதுவது சுலபம். ஆனால் அது கேட்டவரை இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வைக்கும்.

800 பக்குகளுக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வாரம் நாற்பது, இருபது வாரம். ஒவ்வொன்றையும் இப்போதைய பதிப்பில் நாங்களே ஓட்டிப் பார்த்தோம். வரவில்லை என்றால், "இந்தப் பதிப்பில், இந்தப் படிகளைச் செய்து பார்த்தேன், வரவில்லை" என்று செய்ததை எழுதி மூடினோம். அந்த ஒரு வரி எழுதிய டிக்கெட்டுகளில் சண்டைக்கு வந்தவர் யாருமில்லை. மாறாக, "எனக்கு வருகிறது, நீங்கள் இந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கிறீர்கள்" என்று திருத்தியவர்கள் உண்டு, அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதற்காக எதையும் மூடாதீர்கள். சப்போர்ட் ஆட்கள் போடும் டிக்கெட்டின் பின்னால் வாடிக்கையாளர் ஒருவர் இருப்பார், அவர் எங்கும் போகவில்லை.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் பதில் நேரம் எழுதியிருக்கும் வாடிக்கையாளர்களின் டிக்கெட்டை, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் மொத்தமாக மூடக் கூடாது. மருத்துவக் கருவி மாதிரி ஒழுங்குமுறை உள்ள துறைகளில் புகாரை எப்படி மூடுவது, காரணத்தை எப்படிப் பதிவது என்பதற்குத் தனி விதிகள் உண்டு, அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்காமல் ஒரு டிக்கெட்டையும் தொடாதீர்கள். உங்கள் மேனேஜர் ஒரே நாள் கேட்கிறார் என்றால், அவரிடம் மூன்று மணி நேரம் மட்டும் கேளுங்கள். அவர் மூடச் சொல்லும் குவியலிலிருந்து தற்செயலாக 60ஐ எடுத்து, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். எங்கள் மேனேஜர் நாலாவது உயிருள்ள டிக்கெட்டைப் பார்த்ததும் தேதியைத் தானே தள்ளி வைத்தார்.

எல்லாம் முடிந்தபோது அந்த 2,940இல் 2,300க்குக் கொஞ்சம் மேல் மூடியிருந்தோம். ஒரு வருடத்தில் திரும்ப வந்து கேட்டவர்கள் 47 பேர். அதில் 31 பேர் கேட்டது சரி, அன்றைக்கே திறந்தோம். மீதி 16 பேருக்கு ஏன் முடியாது என்று மறுபடி எழுதினேன், அதில் இரண்டு பேர் இன்னும் என்னோடு உடன்படவில்லை.